காலையில் கூழ், ராத்திரி பருப்பு

(ஒலிபரப்பான எபிசோடின் திருத்தப்பட்ட எழுத்து வடிவம்)

இன்னைக்கு ஒரு தட்டு ரசம் சாதத்துல இருந்து ஆரம்பிக்கலாம்.

சென்னையில நானும் என் நண்பனும் ஒரே அறையில தங்கியிருந்த காலம். அவன் அப்போதான் ஜிம்முக்குப் போக ஆரம்பிச்சிருந்தான். ஒரு நாள் ராத்திரி நான் ரசம் சாதமும் அப்பளமும் வச்சுச் சாப்பிட்டுக்கிட்டு இருந்தேன். அவன் தட்டை எட்டிப் பார்த்துட்டு, "மச்சான், இதுல இருக்கிற புரோட்டீன் உனக்கு ஒட்டவே ஒட்டாதுடா. அரிசியில ஒரு அமினோ ஆசிட் குறைவு. அதே வேளையில பருப்பும் சேர்ந்தாத்தான் அது முழுசாகும். இல்லைன்னா வேஸ்ட்"ன்னு சொன்னான்.

நான் மதியம் சாம்பார் சாதம் சாப்பிட்டிருந்தேன். "மதியம் சாப்பிட்டது கணக்குல வராதா?"ன்னு கேட்டேன். "வராது. ஒரே வேளையில சேரணும்"னு அடிச்சுச் சொல்லிட்டான்.

அந்த வாரம் ஊருக்குப் போனப்போ இதை அம்மாயிகிட்ட சொன்னேன். எங்க அம்மாயி ஊர் பெரம்பலூர் பக்கம். கரிசல் காடு, மானாவாரி வெள்ளாமை. அவங்க சிரிச்சுட்டு, "சாமி, நாங்க காலையில கூழைக் குடிச்சுட்டு ரெண்டு சின்ன வெங்காயத்தைக் கடிச்சுக்கிட்டு களை வெட்டப் போவோம். மோர் இருந்தா அது அதிர்ஷ்டம். பருப்பையோ மொச்சையையோ கண்ணுல பாக்குறது பொழுது சாஞ்சு அடுப்பு பத்த வச்சப்புறம்தான். அப்போ காலையில குடிச்ச கூழெல்லாம் எங்கே போச்சுன்னு கேட்டுட்டு வா"ன்னாங்க.

அந்தக் கேள்விக்குப் பதில் தேடிப் போனதுதான் இந்த எபிசோட். தேடிப் போனா அது குன்னூருக்கும், அமெரிக்க எலிக் கூண்டுகளுக்கும், பெங்களூருக்கும் போயிட்டு, கடைசியில எங்க ஊர் ரேஷன் கடை வாசல்ல வந்து நின்னுச்சு.

பூக்காரம்மா கணக்கு

முதல்ல என் நண்பன் சொன்னதுல எது சரின்னு பார்த்துடுவோம். ஏன்னா பாதி சரிதான்.

புரதம்ங்கிறது இருபது வகை அமினோ அமிலங்களைக் கோத்துக் கட்டுற மாலை. அதுல ஒன்பதை நம்ம உடம்பால செஞ்சுக்க முடியாது, சாப்பாட்டுல இருந்துதான் வரணும். இப்போ ஒரு பூக்காரம்மாவை நினைச்சுக்கோங்க. மல்லி, கனகாம்பரம், மரிக்கொழுந்து மூணையும் ஒரே கணக்குல வச்சுக் கட்டணும். கூடையில மல்லியும் கனகாம்பரமும் நிறைய இருக்கு, மரிக்கொழுந்து ரெண்டு கொத்துதான் இருக்கு. மரிக்கொழுந்து எவ்வளவோ அவ்வளவு முழம்தான் கட்ட முடியும். மிச்சப் பூ வாடிப் போகும்.

அரிசியில அந்த மரிக்கொழுந்து, லைசின்ங்கிற அமினோ அமிலம். கோதுமை, கம்பு, சோளம், மக்காச்சோளம்னு தானியங்கள் எல்லாத்துலயும் குறையிறது அதேதான். பருப்பு, பயறு வகைகள்ல லைசின் தாராளம். அதுல குறையிறது மெத்தியோனின். அது தானியத்துல நல்லாவே இருக்கு. அதனால சோறும் பருப்பும் ஒண்ணோட குறையை இன்னொண்ணு நிரப்புது. இது உண்மை. இதை யாரும் மறுக்கலை.

கேள்வி வேற. காலையில வந்த மல்லியும் சாயங்காலம் வந்த மரிக்கொழுந்தும் ஒரே மாலையில சேருமா, அதுக்குள்ள மல்லி வாடிடுமா?

குன்னூர் எலிகள்

இந்தக் கதையில எலிகள் அடிக்கடி வரும். முதல் எலிகள் நம்ம நீலகிரி எலிகள்.

1920-களில் குன்னூரில் ராபர்ட் மெக்கரிசன் என்ற ராணுவ மருத்துவர் ஒரு சோதனை செய்தார். இந்தியாவின் வெவ்வேறு பகுதி மக்கள் என்ன சாப்பிடுகிறார்களோ, அதையே எலிகளுக்குக் கொடுத்தார். ஒரு கூண்டுக்குச் சீக்கியர் சாப்பாடு, ஒன்றுக்கு மராட்டியர் சாப்பாடு, ஒன்றுக்கு வங்காளிகள் சாப்பாடு, ஒன்றுக்கு 'மதராசி' சாப்பாடு. கூண்டும் வெளிச்சமும் சுத்தமும் எல்லாருக்கும் ஒன்றுதான். சாப்பாடு மட்டும்தான் வேறு. முழு கோதுமை ரொட்டி, பால், வெண்ணெய், பயறு, காய்கறி என்று சாப்பிட்ட சீக்கியக் கூண்டு எலிகள்தான் நல்லா கொழுத்து வளர்ந்தன. தீட்டிய அரிசியை நம்பியிருந்த மதராசிக் கூண்டு எலிகள் எடையில் கடைசி.

இதுல இருந்து "அரிசி தின்கிறவன் சோப்ளாங்கி"ன்னு ஒரு பேச்சு ரொம்ப நாள் ஓடிச்சு. ஆனா ரெண்டு விஷயத்தைக் கவனிக்கணும். ஒண்ணு, அந்தக் கூண்டுகளுக்கு நடுவுல வித்தியாசப்பட்டது புரதம் மட்டும் இல்ல. பால், காய்கறி, வைட்டமின்னு எல்லாமே மாறியிருந்துச்சு. இன்னொண்ணு, மதராசின்னா தீட்டின அரிசின்னு அவர் வச்சுக்கிட்டார். ஆனா அன்னைக்குத் திருச்சி ஜில்லாவுல இருந்த பெரம்பலூர், உடையார்பாளையம் பக்கத்து மானாவாரிக் காட்டுக்காரங்களுக்கு அரிசிச் சோறுங்கிறது நாள் கிழமைக்கு. தினப்படி வயித்தை நிரப்பினது கம்பும் சோளமும் வரகும் கேழ்வரகும்தான். கொள்ளிடக் கரையில நெல் விளையிற ஊர்களோட கதை வேற.

அந்தக் காடுகள்ல இன்னொரு வழக்கமும் இருந்துச்சு. கம்போ சோளமோ விதைக்கிறப்போ இடையில துவரை, மொச்சை, தட்டைப்பயறு போடுவாங்க. தானியம் முதல்ல அறுவடைக்கு வந்துடும். துவரை தை, மாசி வரைக்கும் நிக்கும். லைசின்ங்கிற பேரைக் கேட்காமலே தானியமும் பயறும் ஒரே காட்டுல, ஒரே வீட்டுக்கு வந்து சேர்ந்துச்சு. ஆனா ஒரே வேளையில இல்ல. அதுதான் அம்மாயி சொன்ன காலைக் கூழும் ராத்திரி மொச்சைக் குழம்பும்.

இங்கே சிறுதானிய ரசிகர்களுக்கு ஒரு வார்த்தை. கம்பும் வரகும் நல்ல தானியங்கள், மறுப்பில்லை. ஆனா லைசின் விஷயத்துல அவையும் அரிசியோட உறவுக்காரங்கதான். அரிசியை விட்டுட்டுக் கம்புக்கு மாறிட்டா பருப்பு தேவைப்படாதுன்னு நினைச்சா அது தப்புக் கணக்கு.

'ஒரே வேளை' எங்கிருந்து வந்தது?

இப்போ அமெரிக்காவுக்குப் போகணும். 1914-ல தாமஸ் ஆஸ்போர்ன், லஃபாயெட் மெண்டல்னு ரெண்டு பேர், மக்காச்சோளத்துல இருக்கிற ஒரு புரதத்தை மட்டும் கொடுத்து எலிகளை வளர்த்துப் பார்த்தாங்க. எலிகள் இளைச்சுப் போச்சு. குறைஞ்ச டிரிப்டோஃபேனைச் சேர்த்ததும் இளைக்கிறது நின்னுச்சு, ஆனா வளரலை. லைசினையும் சேர்த்ததும் வளர ஆரம்பிச்சது. எல்லாப் புரதமும் ஒண்ணு இல்லைங்கிறது அப்படித்தான் தெளிவாச்சு.

நம்ம கேள்விக்கு நேரடியா வர்ற சோதனை 1947-ல நடந்தது. எர்னஸ்ட் கைகர் என்பவர் எலிகளுக்கு ஒரு அவசியமான அமினோ அமிலம் இல்லாத கலவையை முதல்ல கொடுத்தார். விட்டுப்போன அந்த ஒண்ணைச் சில மணி நேரம் கழிச்சுத் தனியா கொடுத்தார். ரெண்டையும் ஒண்ணாக் கொடுத்தப்போ வளர்ந்த எலிகள், இப்படிப் பிரிச்சுக் கொடுத்தப்போ வளரலை. மரிக்கொழுந்து வர்றதுக்குள்ள மல்லி வாடிடுச்சு. 'ஒரே வேளையில சேரணும்'ங்கிற விதிக்கு இந்த மாதிரி சோதனைகள்தான் வேர்.

அந்த விதியை ஆய்வுக்கூடத்துல இருந்து சமையலறைக்குக் கொண்டுவந்தது ஒரு புத்தகம். 1971-ல ஃபிரான்சஸ் மூர் லாப்பே என்ற இளம்பெண் எழுதிய 'டயட் ஃபார் எ ஸ்மால் பிளானட்'. உலகத்துல தானியத்தையும் சோயாவையும் மாட்டுக்குப் போட்டு, அந்த மாட்டைத் தின்கிறது எவ்வளவு பெரிய வீணடிப்புன்னு சொல்ல வந்த புத்தகம் அது. இறைச்சி இல்லாமலும் புரதம் கிடைக்கும்னு அமெரிக்கர்களை நம்ப வைக்கணும். அதுக்காக எந்தத் தானியத்தோட எந்தப் பயறை என்ன அளவுல சேர்க்கணும்னு பட்டியல் போட்டு, ஒரே வேளையில சேர்க்கச் சொன்னாங்க. லட்சக்கணக்குல வித்துச்சு. கணக்குப் பார்த்துச் சாப்பிடுறது ஒரு தலைமுறைக்கே பழக்கமாச்சு.

பத்து வருஷம் கழிச்சு 1981-ல வந்த பதிப்புல அவங்களே அதைத் திருத்திக்கிட்டாங்க. இறைச்சிதான் ஒரே வழிங்கிற மூடநம்பிக்கையை உடைக்கப் போய், புரதம் கிடைக்க ரொம்ப ஜாக்கிரதையா கலக்கணும்ங்கிற இன்னொரு மூடநம்பிக்கையை உண்டாக்கிட்டேன்ங்கிற பொருள்ல எழுதினாங்க. ஆனா திருத்தம் முதல் விதி அளவுக்குப் பரவலை. என் நண்பன் கையில போன வருஷம் வந்து சேர்ந்தது 1971-தான். 1981 இன்னும் வழியில இருக்கு.

உடம்புக்கு ஒரு கிடங்கு இருக்கு

கைகரோட எலிகள் பொய் சொல்லலை. அப்போ மனுஷங்களுக்கு ஏன் அது பொருந்தலை?

முதல் காரணம் வேகம். வளர்ற எலிக்குட்டி ஒரு வாரம் பத்து நாள்ல தன் எடையை ரெண்டு மடங்காக்கிடும். மனுஷக் குழந்தைக்கு அதுக்கு ஏறக்குறைய அஞ்சு மாசம் ஆகும். வளர்ந்த ஆளுக்கு அந்த அவசரமே இல்ல. பழசைக் கலைச்சுப் புதுசாக் கட்டுற பராமரிப்பு வேலைதான் பெரும்பாலும்.

ரெண்டாவது காரணம், நம்ம குடலும் தசையும். ஜீரண நீர்கள்லயும், குடல் சுவர்ல இருந்து உதிர்ற செல்கள்லயும் நிறையப் புரதம் இருக்கு. நாம என்ன சாப்பிட்டாலும் தினமும் அது குடலுக்குள்ள கொட்டி, அங்கேயே செரிச்சு, திரும்ப ரத்தத்துக்குள்ள வருது. அதுல லைசினும் இருக்கு. அதாவது நீங்க வெறும் ரசம் சாதம் சாப்பிட்டாலும் குடலுக்குள்ள அரிசி மட்டும் தனியா இல்ல. அதுக்கும் மேல, தசைகளுக்குள்ள எந்த மாலையிலயும் கோக்காத உதிரி லைசின் ஒரு சின்னக் கிடங்கு மாதிரி இருக்கு. பருப்போ முட்டையோ பாலோ நல்லா சாப்பிட்ட பிறகு அது நிரம்புது. லைசின் குறைஞ்ச வேளையில அதுல இருந்து எடுத்துக்க முடியுது.

வெர்னன் யங், பீட்டர் பெல்லட் ரெண்டு பேரும் 1994-ல தாவரப் புரதங்களைப் பத்தி எழுதின ஆய்வுக் கட்டுரையில இதையெல்லாம் தொகுத்து, பெரியவங்களுக்கு ஒவ்வொரு வேளையும் ஜோடி சேர்க்க வேண்டிய அவசியம் இல்லை, ஒரு நாள் முழுக்கச் சாப்பிடுறதுல கலந்திருந்தால் போதும்னு சொன்னாங்க. இன்னைக்கு ஊட்டச்சத்து அறிவியல்ல பொதுவா ஏத்துக்கிட்ட நிலைப்பாடு அதுதான்.

ஆக, அம்மாயி கேள்விக்குப் பதில்: காலைக் கூழ் எங்கேயும் வீணாப் போகலை. முந்தின ராத்திரி மொச்சை அதுக்காகக் காத்துக்கிட்டுத்தான் இருந்துச்சு.

இதோட எபிசோடை முடிச்சிருந்தா எல்லாருக்கும் சந்தோஷம். ஆனா கதையோட முக்கியமான பாதி இனிமேதான்.

பெங்களூரில் மாறிய எண்

எப்போ சாப்பிடணும்ங்கிற கவலை தீர்ந்துச்சு. எவ்வளவு சாப்பிடணும்?

1940-களிலும் 50-களிலும் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் வில்லியம் ரோஸ் தன் மாணவர்களையே வைத்து இதை அளந்தார். உள்ளே போகிற நைட்ரஜன் எவ்வளவு, சிறுநீரிலும் மலத்திலும் வெளியே வருவது எவ்வளவு என்ற வரவு செலவுக் கணக்கு. அந்த வழியில் வந்த எண்களை வைத்து 1985-ல் உலக சுகாதார நிறுவனமும் மற்ற ஐ.நா. அமைப்புகளும் பெரியவர்களுக்கு ஒரு கிலோ எடைக்கு ஒரு நாளைக்கு 12 மில்லிகிராம் லைசின் என்று வைத்தன. அந்தக் கணக்குப்படி வெறும் சோறே கிட்டத்தட்டப் போதும். ஏழை நாடுகளில் தானியம் மட்டும் சாப்பிடுகிறவர்களுக்கும் புரதத்தில் குறை இல்லை என்று அர்த்தமாகிவிடும்.

இதுல சந்தேகப்பட்டவங்கள்ல முக்கியமானவர் அமெரிக்காவோட எம்.ஐ.டி.யில இருந்த அதே வெர்னன் யங். அவரோட சேர்ந்து வேலை செஞ்சவர் பெங்களூரு செயிண்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியோட அனுரா குர்பாட். அவங்க செஞ்சது இதுதான். இந்திய இளைஞர்களுக்குக் கட்டுப்பாடான சாப்பாடு கொடுத்து, அதுல லைசினை மட்டும் கூட்டிக் குறைச்சாங்க. சில நாள் பழகின பிறகு, அடையாளம் போட்ட கார்பன் இருக்கிற லியூசின்ங்கிற வேறொரு அமினோ அமிலத்தைக் கொடுத்து, 24 மணி நேரம் மூச்சுக்காத்தையும் ரத்தத்தையும் சோதிச்சாங்க.

ஏன் மூச்சு? பூக்காரம்மாகிட்டத் திரும்பிப் போங்க. மரிக்கொழுந்து பத்தலைன்னா கனகாம்பரம் மிஞ்சும், குப்பைக்குப் போகும். குப்பையில கிடக்கிற கனகாம்பரத்தை எண்ணினாலே மரிக்கொழுந்து எவ்வளவு பத்தலைன்னு தெரிஞ்சுடும். அதே மாதிரி லைசின் பத்தலைன்னா லியூசினால மாலையில சேர முடியாது. உடம்பு அதை எரிச்சுடும். அந்த அடையாளம் போட்ட கார்பன் மூச்சுல வெளியே வரும்.

இந்த வேலைகளோட விளைவா 2007-ல வெளியான உலக சுகாதார நிறுவன அறிக்கையில எண் மாறிச்சு. கிலோவுக்கு 12 இல்ல, 30 மில்லிகிராம். ரெண்டரை மடங்கு. பெங்களூர்ல சில இளைஞர்கள் விட்ட மூச்சு, உலகத்துல தானியம் சாப்பிடுற எல்லாரோட கணக்கையும் மாத்திடுச்சு. எளிய சாப்பாடு சாப்பிடுறவங்களுக்குப் பருப்பு உண்மையிலேயே தேவைன்னு ஆச்சு.

ஊட்டக்குறைவுள்ள ஆண்கள்ல அதே குழு அளந்தப்போ தேவை இன்னும் அதிகமா இருந்துச்சு. குழந்தைகள்ல செஞ்ச ஆய்வு ஒண்ணுல, குடல்புழுவுக்கு மருந்து கொடுத்ததும் லைசின் தேவை குறைஞ்சது. குடலுக்குள்ள இருக்கிற ஒட்டுண்ணியும் பந்தியில பங்கு கேட்குது.

ஒரு ரேஷன் அட்டையின் கணக்கு

இப்போ ஊருக்கு வருவோம். பெரம்பலூர் 1995-ல திருச்சியில இருந்து பிரிஞ்ச மாவட்டம். அரியலூர் 2007-ல இருந்து நிரந்தரமா தனி மாவட்டம். இங்கே கூலி வேலைக்குப் போற 55 கிலோ எடையுள்ள ஒருத்தரை எடுத்துக்குவோம். கம்பும் வரகும் போய் இப்போ மூணு வேளையும் சோறு, இட்லி. ஒரு நாளைக்கு 400 கிராம் அரிசின்னு வச்சுக்கலாம்.

அவரோட தேவை 55-ஐ 30-ஆல பெருக்கினா 1650 மில்லிகிராம் லைசின். 100 கிராம் அரிசியில சுமார் 270 மில்லிகிராம் இருக்கும். 400 கிராமுக்கு 1080. இன்னும் 570 வேணும். துவரம்பருப்புல ஒரு கிராமுக்கு ஏறக்குறைய 15 மில்லிகிராம் இருக்கு. அப்போ காகிதத்துல 38 கிராம் பருப்பு போதும். ஆனா சாப்பிட்டதெல்லாம் செரிச்சு உடம்புக்குள்ள போறதில்ல. அரிசி, பருப்புப் புரதத்துல நூத்துக்கு எண்பத்தஞ்சு பங்கு சேர்றதா வச்சுக்கிட்டாலும் 55-ல இருந்து 60 கிராம் பருப்பு ஆகும். இதுவும் சராசரி ஆளோட தேவைதான். பாதிப் பேருக்கு இதைவிடக் கூடுதலா வேணும்.

நாலு பேர் இருக்கிற வீட்டுக்கு, எல்லாரையும் இதே மாதிரி வச்சுக்கிட்டா, ஒரு நாளைக்குக் கால் கிலோ பருப்பு. மாசத்துக்கு ஏழு கிலோ.

அந்த வீட்டு ரேஷன் அட்டைக்கு என்ன கிடைக்குது? அரிசி 20 கிலோ, காசு இல்லாம. 2011 ஜூன்ல இருந்து அப்படித்தான். துவரம்பருப்பு, 2007-ல தொடங்கின சிறப்புப் பொது விநியோகத் திட்டத்துல அட்டைக்கு ஒரு கிலோ, 30 ரூபாய். ஒரு கிலோவை நாலு பேருக்கும் முப்பது நாளைக்கும் பங்கு போட்டா ஆளுக்கு எட்டு கிராம். உள்ளங்கையில குழி நிறையாது.

நான் அந்தத் திட்டத்தைக் குறை சொல்லலை. அந்த ஒரு கிலோ இல்லாத மாநிலங்கள் நிறைய. ஆனா மிச்ச ஆறு கிலோவை மளிகைக் கடையில வாங்கணும். பருப்பு விலை ஏறுற மாசத்துல எந்த வீட்டுலயும் சாம்பார் நின்னு போறதில்ல. தண்ணியாகுது, அவ்வளவுதான். பேரு சாம்பார்தான், நிறமும் அதேதான். தட்டைப் பார்த்தா சோறும் பருப்பும் ஒரே வேளையில சேர்ந்துதான் இருக்கும். என் நண்பனோட விதிப்படி நூத்துக்கு நூறு. பெங்களூர்க் கணக்குப்படி தேறாது.

முழுக்கப் பருப்பாத்தான் இருக்கணும்னு இல்ல. ஒரு முட்டை லைசின்ல சுமார் 30 கிராம் பருப்புக்குச் சமம். ஒரு டம்ளர் பாலும் கிட்டத்தட்ட அதே அளவு. மீன், கறி, மொச்சை, கொள்ளு, தட்டைப்பயறு, சுண்டல் எல்லாம் கணக்குல சேரும். இட்லியில இருக்கிற உளுந்தும் சேரும்.

முட்டைன்னதும் ஒரு விஷயம். பெரம்பலூர்க் காடுகள்ல இன்னைக்குக் கம்பும் துவரையும் இருந்த இடத்துல பெரும்பாலும் மக்காச்சோளமும் பருத்தியும்தான். அந்த மக்காச்சோளம் எங்கள் சாப்பாட்டுக்கு இல்ல, நாமக்கல் பக்கத்துக் கோழிப் பண்ணை மாதிரியான இடங்களுக்குத் தீவனமாப் போகுது. 1914-ல எலிகளை இளைக்க வச்ச அதே மக்காச்சோளம். கோழித் தீவனம் தயாரிக்கிறவங்களுக்கு அது நல்லாத் தெரியும். அதனால சோயா புண்ணாக்கு சேர்ப்பாங்க. அதுக்கு மேல லைசினைத் தூளாவே வாங்கிக் கிராம் கணக்குல கலப்பாங்க. கோழிக்கு லைசின் கணக்கு தவறினா முட்டை குறையும், நஷ்டம் உடனே தெரியும். அந்த முட்டை சத்துணவுல எங்க ஊர்ப் பிள்ளைங்க தட்டுக்குத் திரும்பி வருது. அது நல்ல விஷயம். ஆனா கோழிக்குப் பார்க்கிற கணக்கை அந்தக் களத்துமேட்டு வீட்டுக்கு யாரும் பார்க்கிறதில்ல.

எங்கே கவனமா இருக்கணும்

'ஒரே வேளை' விதி போயிடுச்சுன்னு சொன்னது ஆரோக்கியமான பெரியவங்களுக்கு. ஒரு வயசுக் குழந்தைக்கு வயிறு சின்னது. வளர்ச்சி வேகம். ஒரு நாளைக்குச் சாப்பிடப்போறதே சில கிண்ணம்தான். அதுல ஒரு கிண்ணத்தை வெறும் ரசம் சாதத்துல நிரப்பிட்டா, பருப்பு நுழைய இடம் இருக்காது. அதனால குழந்தைக்குப் பருப்புச் சாதம் நல்ல வழி. நேரம் பார்க்கிறதுக்காக இல்ல, இடம் பத்தாதுங்கிறதுக்காக.

இன்னொண்ணு, வயிறு நிறையாத வீட்டுல இந்தக் கணக்கு எதுவுமே செல்லாது. மொத்தச் சாப்பாடே குறைஞ்சா உடம்பு பருப்போட புரதத்தையும் அடுப்புல விறகா எரிச்சுடும். முதல்ல போதுமான சோறு, அப்புறம்தான் அமினோ அமிலம்.

லைசின் கொஞ்சம் குறையிறது வெளியே தெரியாது. அதுக்குன்னு தனி அறிகுறி கிடையாது. அதனால தட்டைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. மளிகைச் சீட்டைப் பாருங்க. போன மாசம் வீட்டுக்கு எல்லாப் பருப்பும் பயறும் சேர்த்து எத்தனை கிலோ வந்துச்சு? அதைத் தலைக்கும் முப்பது நாளைக்கும் வகுத்துப் பாருங்க. பால், முட்டை, மீன் அதிகம் புழங்காத வீட்டுல அது ஆளுக்கு 60 கிராமைத் தொடலைன்னா, சாம்பாரை எந்த வேளையில ஊத்தினாலும் ஒண்ணுதான். விடுதியில தங்கியிருக்கிறவங்களுக்கு இன்னும் சுலபம். சாம்பார் வாளியில கரண்டியை அடி வரைக்கும் விட்டு எடுத்துப் பாருங்க.

போன மாசம் ஊருக்குப் போனப்போ அம்மாயிகிட்ட இதையெல்லாம் சொன்னேன். காலைக் கூழ் வீணாப் போகலைன்னு கேட்டு, "அது எனக்குத் தெரியாதா"ன்னாங்க. அப்புறம் ரேஷன் கணக்கைச் சொன்னேன். ஆளுக்கு எட்டு கிராம்னதும் கொஞ்ச நேரம் பேசலை.

"அப்போ காட்டுல ரெண்டு சால் துவரை போட்டா மாசி வரைக்கும் பருப்புக்குக் கடைக்குப் போனதில்ல சாமி. இப்போ மருந்தடிச்ச சோளக்காட்டுல துவரை எங்கே நிக்கும்?"னு கேட்டாங்க.

முதல் கேள்விக்குப் பதில் கொண்டு போயிட்டேன். இந்தக் கேள்விக்கு என்கிட்ட பதில் இல்ல.